"அன்பான வாடிக்கையாளருக்கு" என்று தொடங்காத மெயில்

(காரைக்குடியில் சிறு பலகாரக் கடைக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக்கைப் பிடிக்கும் முன்பே ஒரு அண்ணன் கேட்டுவிட்டார்: "வாட்ஸ்அப் இருக்கும்போது மெயிலை யாரும்மா பார்க்கிறா?" உள்ளூர்க்காரர்கள் பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் எங்கள் கைமுறுக்கையும் சீப்புச் சீடையையும் தபாலில் வாங்குகிறவர்கள் பெங்களூரிலும் மும்பையிலும் அலுவலகங்களில் இருக்கிறவர்கள். பில் மெயிலில்தான் போகிறது. அந்த முகவரிகள் கடைசி மூன்று தீபாவளியில் 1,140 சேர்ந்தன. அந்தப் பட்டியலை நான் எப்படிப் பிரித்தேன், பிரித்ததில் எங்கே இடறினேன் என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முதல் இரண்டு வருஷம் எல்லாருக்கும் ஒரே மெயில் போட்டேன். "தீபத் திருநாளை முன்னிட்டு எங்கள் அன்பான வாடிக்கையாளர்கள் அனைவருக்கும்..." என்று ஆரம்பிக்கும். போனில் மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள். தலைப்புக்குப் பக்கத்திலோ கீழேயோ மெயிலின் முதல் வரி சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தெரியும். தமிழ் எழுத்து அகலம் என்பதால் ஐந்தாறு வார்த்தைதான் கிடைக்கும். அந்த ஐந்தாறு வார்த்தையில் நான் சொன்னது "தீபத் திருநாளை முன்னிட்டு எங்கள் அன்பான". வங்கியும் அதையேதான் சொல்கிறது, செல்போன் கம்பெனியும் அதையேதான் சொல்கிறது. அதில் முதல் வருஷம் இன்னும் மோசம். மேலே லோகோ, அதன் கீழே "இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா?" என்றொரு வரி. பாதிப்பேருக்குப் பெட்டியில் தெரிந்தது அந்த வரிதான். அதனால் அனுப்புவதற்கு முன்பு ஒரு பிரதியை உங்கள் போனுக்கே போட்டு, திறக்காமல் வெளியிலிருந்து பாருங்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? எல்லாரும் முதலில் செய்வது தொகையை வைத்துப் பிரிப்பது: ஐயாயிரத்துக்கு மேல் வாங்கியவர், ஆயிரத்துக்குக் கீழே வாங்கியவர். நானும் செய்தேன். பிரித்துவிட்டு முதல் வரி எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றுமே வரவில்லை. ஐயாயிரத்துக்கு வாங்கினவரிடம் என்ன சொல்வது, "நீங்கள் நிறைய வாங்கினீர்கள்" என்றா? தொகையைப் பார்த்தால் அவருக்கு என்ன தேவை என்று தெரிவதில்லை. யாருக்காக வாங்கினார் என்று பார்த்தால்தான் தெரிகிறது. தன் வீட்டுக்கு வாங்கினவருக்கு ஒரு கவலை, வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினவருக்கு வேறு கவலை, ஆபீஸில் நாற்பது பேருக்குக் கொடுக்கிறவருக்கு முற்றிலும் வேறு கவலை.

இதைப் பழைய ஆர்டரிலிருந்தே கண்டுபிடிக்கலாம். எக்செலில் ஆர்டருக்கு ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் பணம் கட்டியவரின் பின்கோடையும் டப்பா போன இடத்தின் பின்கோடையும் ஒப்பிட்டேன். தப்பு. பகலில் வீட்டில் ஆள் இல்லை என்று தன் டப்பாவை ஆபீஸுக்கே வரவழைக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் எல்லாம் பரிசு அனுப்புகிறவர்கள் கணக்கில் போய்விட்டார்கள். பெயரை ஒப்பிட்டால் ஒரே ஆள் ஒரு தடவை இனிஷியலோடும் ஒரு தடவை இல்லாமலும் இருப்பார். கடைசியில் கைகொடுத்தது போன் நம்பர். வாங்குகிறவரின் நம்பர் D-யில், டப்பா போய்ச் சேரும் இடத்தின் நம்பர் E-யில், டப்பா எண்ணிக்கை F-ல் இருந்தால் இது போதும்:

```
=IF(F2>=10,"அலுவலகம்",IF(D2<>E2,"வேறு வீடு","சொந்த வீடு"))
```

நம்பர்களில் ஒன்று +91-ஓடு இருந்து மற்றது இல்லாமல் இருந்தால் எக்செல் இரண்டையும் வேறு என்றுதான் சொல்லும். முதலில் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் நம்பரையே இரண்டு இடத்திலும் போடுகிறவர்கள் தப்பிப்பார்கள். பட்டியல் ஆயிரத்துச் சொச்சம்தான் என்றால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிடலாம்.

ஒருவரே தன் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வாங்கியிருப்பார். இரண்டு மெயில் போடாதீர்கள். ஆபீஸ் ஆர்டர் முந்திக்கொண்டு முடிவாக வேண்டியது, அதனால் அவரை ஆபீஸ் குழுவில் வைத்துவிடுவேன். எனக்கு இப்படி வந்தது: சொந்த வீடு 610, வேறு வீடு 280, அலுவலகம் 46. மீதி 204 பேர் 2023-ல் ஒரே ஒரு தடவை வாங்கிவிட்டுத் திரும்பி வராதவர்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். 2024-ல் "போன தீபாவளிக்கு வாங்கியவர்கள்" என்று எடுக்க, அக்டோபர் மாதத்தை வடிகட்டினேன். ஆனால் 2023 தீபாவளி நவம்பர் 12. நம் ஊரில் கடைசிப் பத்து நாளில்தான் கூட்டமே. அந்த ஆர்டர் எல்லாம் நவம்பரில் விழுந்து, வடிகட்டியில் சிக்காமல், "திரும்பி வராதவர்கள்" பக்கம் சேர்ந்துவிட்டது. அவர்களுக்கு "ரொம்ப நாளாகக் காணோமே" என்று மெயில் போனது. ஓர் அம்மா பதில் எழுதினார்: "போன வருஷம் உங்ககிட்டதானே ரெண்டு டப்பா வாங்கினேன், மறந்துட்டீங்களா?" தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, இந்த 2026-ல் நவம்பர் 8. மாதத்தை விட்டுவிடுங்கள். அந்தந்த வருஷத் தீபாவளித் தேதியிலிருந்து ஆர்டர் தேதியைக் கழித்து, "எத்தனை நாள் முன்னால்" என்று ஒரு பத்தி போடுங்கள். 45 நாளுக்குள் வந்ததெல்லாம் தீபாவளி ஆர்டர். நடுவில் நவராத்திரி வரும், கொலுவுக்கு வாங்கினவர்களும் உள்ளே வருவார்கள். பரவாயில்லை, பலகாரம் வாங்குகிறவர்கள்தானே.

இனி முதல் வரி. சொந்த வீட்டுக்காரருக்கு முறுக்கின் ருசி தெரியும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. என்றைக்குச் சுட்டது, நமுத்துப்போகுமா என்பதுதான் அவர் கேள்வி. அதனால்: "அதிரசம் நவம்பர் 1-ல்தான் சுடுகிறோம்." அவ்வளவுதான் முதல் வரி. டப்பா எந்த நாளில் வரும், போன வருஷ விலைக்கும் இந்த வருஷ விலைக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் அடுத்த வரிகளில்.

அலுவலகத்துக்கு: "போன தீபாவளிக்கு உங்கள் அலுவலகத்துக்கு 40 டப்பா வந்தது." இதில் பழைய கணக்கை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. ஏன் என்றால் அந்த மெயிலைப் படிக்கிறவர் பெரும்பாலும் போன வருஷம் ஆர்டர் போட்டவராக இருக்க மாட்டார். நிர்வாகத்தில் ஆள் மாறியிருப்பார், எத்தனை வாங்கினோம் என்று பழைய ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார். நாமே எண்ணிக்கையைச் சொல்லி, "அக்டோபர் 16-க்குள் இந்த வருஷக் கணக்குச் சொன்னால் நவம்பர் 4 புதன்கிழமை கையில் இருக்கும், ஜிஎஸ்டி பில்லோடு" என்று அடுத்த வரியில் முடித்தால் அவர் வேலை பாதி முடிந்தது. இந்த மெயில் மற்றவர்களுக்கு முன்னால், செப்டம்பர் கடைசியிலேயே போய்விட வேண்டும்.

அதே வித்தையை வேறு வீட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் காட்டினேன். அதுதான் நான் எழுதினதிலேயே மோசமான வரி. "போன தீபாவளிக்கு உங்கள் அம்மாவுக்கு அனுப்பிய அதே பலகாரம், இந்த வருஷமும்!" டப்பாவோடு வைத்த வாழ்த்துச் சீட்டில் "அம்மாவுக்கு" என்று அவர்கள் எழுதியிருந்ததை எடுத்துப் போட்டேன். எனக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. ஒருவரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: "அம்மா ஆடியில் தவறிவிட்டார்." அந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளியே கிடையாது. நம்மில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. டப்பா யார் கைக்குப் போனது என்பது நம் ஏட்டில் இருக்கலாம். முதல் வரியில் அது வரக்கூடாது. இப்போது அந்த 280 பேருக்கு எழுதுவது: "வெளியூர் டப்பாக்கள் நவம்பர் 2 திங்களன்று கிளம்புகின்றன." அவர்கள் கவலை, நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதுதான். அதற்கு இது பதில். யாருக்கு அனுப்புகிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.

அந்த 204 பேர் விஷயத்தில் "உங்களைக் காணோமே" என்ற வரியை நான் அடியோடு விட்டுவிட்டேன். கடன்காரரிடம் கேட்பது போல இருக்கிறது. ஏன் வரவில்லை என்று 2023 புகார்களைப் புரட்டினேன். திரும்பத் திரும்ப வந்தது, தேன்குழல் நொறுங்கி வந்தது என்பது. அதனால்: "தேன்குழலை இப்போது தட்டுத் தட்டாக அடுக்கி அனுப்புகிறோம்." உண்மையிலேயே அடுக்கும் முறையை மாற்றிய பிறகுதான் இதை எழுதினேன், சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவுக்குக் கடைசியில் அனுப்புங்கள். நம்மை மறந்தவர்கள்தான் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று ஜிமெயில் விதி சொல்கிறது. ஆயிரம் பேரில் மூன்றே பேர். அவர்கள் முதலில் அழுத்திவிட்டால் நல்ல வாடிக்கையாளருக்குப் போகிற மெயிலும் ஸ்பேமில் விழ ஆரம்பிக்கும்.

வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021 முதல் ஆப்பிள் போனின் மெயில் செயலியில் இருக்கும் தனியுரிமை வசதியைப் போட்டிருந்தால், ஆள் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். குழுவாரியாக ஆர்டரை எண்ணுங்கள். சொந்த வீட்டு 610 பேரைச் சரிபாதியாக்கி, ஒரு பாதிக்குப் பழைய வாழ்த்து வரி, மறுபாதிக்குப் புது வரி போட்டுப் பார்க்கலாம். 31-க்கு 38 என்று ஆர்டர் வந்தால் குதிக்காதீர்கள். முந்நூறு பேரில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரும். இரட்டிப்பாக வந்தால் பேசலாம். அலுவலகம் 46-ல் இந்தச் சோதனையே வேண்டாம், போனை எடுத்துப் பேசிவிடலாம்.

போன வருஷம் எல்லா மெயிலின் அடியிலும் ஒரு வரி சேர்த்தேன்: "இந்த வருஷம் மட்டும் தீபாவளி மெயில் வேண்டாமென்றால் இங்கே தொடுங்கள்." காரணம் கேட்பதில்லை. தொட்டவர்களைப் பட்டியலிலிருந்து நீக்காமல் அந்தப் பருவத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கிறோம். ஒருவர் தொட்டுவிட்டுப் பதிலும் எழுதினார்: "வருஷத் திதி முடிஞ்சதும் நானே எழுதுறேன்." போன மாதம் எழுதினார், மாவுருண்டை ஒரு கிலோ.