கூலி இல்லாமல் கடைசி எடை

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கும்பகோணத்தில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தப் பாத்திரக்கடையைப் பங்குனி மாதக் கடைசி நாளோடு மூடுகிறேன். எனக்கு 71 வயதாகிறது; பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கித்தர இனி என்னால் இயலாது. மகளின் சீருக்குக் குத்துவிளக்கு வாங்கிய தாய்மார்கள், அந்த மகளின் மகளையும் இதே படியேற்றி அழைத்து வந்தீர்கள். அந்த நன்றியை எடையில் காட்டவே விரும்புகிறேன்.

பித்தளையின் விலையில் உலோகத்தின் விலையும் செய்கூலியும் சேர்ந்திருக்கின்றன. இரண்டரைக் கிலோ குடம் ஒன்றுக்கு, கிலோ 800 ரூபாய் வீதம் உலோகம் 2,000 ரூபாய், கூலி 500 ரூபாய் என்று கொண்டால், இதுவரை 2,500 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். இனி அந்த 2,000 ரூபாய் மட்டும் கொடுத்தால் போதும். செய்தவருக்குரிய கூலியை நான் முன்பே கொடுத்துவிட்டேன். பழைய பித்தளையையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன். உருக்கும்போது அதிலுள்ள துத்தநாகத்தில் ஒரு பகுதி புகையாகப் போய்விடும், பற்றும் அழுக்கும் கழியும் என்பதால், பழையதற்குப் புதியதன் விலை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

கடை மூடிய பின் மாற்றித்தர நான் இருக்கமாட்டேன். ஆகையால் குடத்தைத் தட்டிப் பார்த்து ஓசையை மட்டும் நம்பிவிடாதீர்கள். கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, உலர்ந்த செய்தித்தாளின்மேல் கால்மணி நேரம் வையுங்கள். பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தாளில் ஈரவட்டம் தெரியும். அதற்கென்றே வாசலில் ஒரு பெஞ்சும் குழாயும் போட்டிருக்கிறேன்.

ஈயச்சொம்பு வாங்குவோரிடம் ஒரு வார்த்தை. அது வெள்ளீயத்தால் ஆனது; 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புளிக்கரைசலை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள், ரசம் நுரைகட்டியதும் இறக்கிவிடுங்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து, வெள்ளிக்குழம்பாக வழிந்ததைத் துணியில் முடிந்து எடுத்துவந்த ஒரு புதுமணப்பெண்ணின் அழுத முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விற்கும்போது நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பெயர் வெட்டுவதற்கும் இம்மாதம் முழுவதும் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஈயம் பூசக் கொடுத்துவிட்டு வாங்கிச்செல்லாத பாத்திரங்கள், பின்கட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. சில பத்தாண்டுக்கும் மேலானவை. அவற்றைத் துடைத்து, நவச்சாரம் போட்டு, புதிதாகப் பூசி வைத்திருக்கிறேன். பணம் வேண்டாம், ரசீது தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைச் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன்.