விளக்குக் கொடைக் கல்வெட்டைப் படம் பார்த்துப் படித்தல்

அவையோருக்கு வணக்கம். சோழர் காலக் கோயில்களில் மிகுதியாகக் கிடைக்கும், அணையாமல் எரியும் நந்தா விளக்குக்குக் கொடை தந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றின் நிழற்படம் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை எப்படிப் படிப்பது என்று மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒளியைப் பார்க்க வேண்டும். நேர் எதிரிலிருந்து ஒளி விழுந்தால் எழுத்துகள் கல்லின் நிறத்தில் கரைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுந்தால்தான் வெட்டின் பள்ளத்தில் நிழல் தங்கும். ஆனால் இடப்புற ஒளியில் செங்குத்துக் கோடுகள் தெளிவாகத் தெரியும்போதே கிடைக்கோடுகள் மறைந்துபோகும் என்பதால், மேலிருந்து ஒளி விழும் இன்னொரு படமும் வேண்டும். ஒளி கீழிருந்து வந்த படத்தில் பள்ளமான எழுத்து புடைத்து நிற்பதுபோல் கண் ஏமாறும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அந்த மயக்கம் நீங்கும்.

இன்னொரு சிக்கல், வரி ஓடும் விதம். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி, குமுதம் என்னும் அடுக்குகளில் வெட்டிய வரி பல இடங்களில் சுவரின் முழு நீளத்துக்கும் ஓடிய பிறகே அடுத்த வரி தொடங்கும். ஆகவே ஒரே படத்தை வைத்துக்கொண்டு படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் ஒரு துண்டை மட்டுமே படிக்கிறார், ஆனால் அதைத் தொடர்ச்சியான வாசகம் என்று எண்ணிக்கொள்கிறார்.

எழுத்துக்கு வருவோம். புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. எனவே ‘யாண்டு’ என்பது இன்றைய கண்ணுக்கு ‘யரணடு’ என்றும் ‘கொண்ட’ என்பது ‘கெரணட’ என்றும் தோன்றும். தொடக்கத்தில் வரும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ போன்ற வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும்.

இவ்வளவு மயக்கம் இருந்தும் இவற்றைப் படிக்க முடிவதற்குக் காரணம், வாசகத்தின் வைப்புமுறை ஏறக்குறைய மாறாமல் இருப்பதுதான். மங்கலச் சொல், அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடும் ஊரும், இறைவன் பெயர், கொடுத்தவர், கொடுத்த பொருள், அதைப் பெற்றுக்கொண்டு நடத்த ஒப்பியவர், கடைசியில், கொடை சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்கும் என்னும் ‘சந்திராதித்தவல்’, சிவனடியார் அதைக் காப்பர் என்னும் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’ என்ற வகைக் காப்புரை. இந்த ஒழுங்கை அறிந்தவர் பாதி சிதைந்த சொல்லையும் எளிதில் நிரப்பிவிடுவார். அப்படி நிரப்பும் பழக்கமே பெயரிலும் எண்ணிலும் கைகொடுக்காமல் போகிறது, ஏனெனில் வாய்பாட்டால் ஊகிக்க முடியாதவை அவை இரண்டுமே.

‘கோ இராஜகேசரிவர்மர்க்கு யாண்டு ௨௰௪’ என்று கல்லில் இருப்பதாகக் கொள்வோம். ௰ என்பது பத்து. முன்னே ௨ நிற்பதால் இருபத்து நான்கு. இராஜகேசரி என்பது ஒருவரின் பெயரன்று, சோழர் மாறி மாறிச் சூடிய இரு பட்டங்களுள் ஒன்று. பரகேசரி என்ற மற்றப் பட்டத்திலாவது ‘மதிரை கொண்ட’ என்ற அடை வந்தால் அது முதற் பராந்தகன் என்று துணியலாம்; இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆயினும் விஜயாலயன் முதல் முதலாம் இராஜராஜன் வரை ஆண்ட சோழருள் இருபத்து நான்காம் ஆட்சியாண்டை எட்டிய இராஜகேசரிகள் முதலாம் ஆதித்தனும் முதலாம் இராஜராஜனுமே. ஆகவே ஆண்டு 894-ஐ ஒட்டியோ 1008-ஐ ஒட்டியோ இருக்கும். இராஜராஜனுக்கு அந்த ஆண்டில் ‘திருமகள் போல’ எனத் தொடங்கி அரசன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி வழக்கத்தில் இருந்தாலும், எல்லாக் கல்வெட்டும் அதைத் தாங்கியிருக்க வேண்டியதில்லை. எழுத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இப்போது படத்தின் ஓரத்தில் அந்த ௨ வெட்டுப்பட்டுவிட்டால் எஞ்சுவது ௰௪, அதாவது பதினான்கு. உடனே சுந்தர சோழனும் பட்டியலில் சேர்ந்துகொள்கிறான். ஓர் எழுத்தின் இழப்பில் கல்வெட்டு ஓர் அரசனிடமிருந்து இன்னோர் அரசனுக்கு மாறிவிடுகிறது.

கொடைப் பகுதியிலும் இதே இடர் உண்டு. ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க, ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லி ஆடுகளை இடையரிடம் விடுவார்கள். சாகும் ஆட்டுக்குப் பிறக்கும் குட்டி ஈடாவதால் மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை என்பது கணக்கு. விளக்கெரிக்கும் பொறுப்பு அந்த இடையர் குடியின் மேல் தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்பது அதன் உட்பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்கொன்றுக்கு 96 ஆடு. அந்த எண் மனத்தில் பதிந்தவர், சிதைந்த கல்லில் ௯௰ என்பதைக் கண்டதும் பின்னால் ஒரு ௬ இருந்திருக்கும் என்று தாமே சேர்த்துவிடுவார். ஆனால் 90 ஆடு கொடுத்த கல்வெட்டுகளும் பல உள்ளன. ௰-க்குப் பின் கல் உடைந்திருக்கிறதா, அல்லது அடுத்த சொல் இடைவிடாமல் தொடங்குகிறதா என்பதை மட்டுமே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

படியெடுக்கும்போது ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ளும் முற்றாக அழிந்ததைப் புள்ளிகளாலும் காட்டுவது இதற்காகத்தான். காப்புரை இல்லாமல் வாசகம் நின்றால், கல்வெட்டு அங்கே முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது. பிற்காலத்தில் கட்டிய மண்டபத்தின் சுவர் மீதி வரியை மறைத்திருக்கலாம், ஆதலால் அந்த மூலையையும் நேரில் போய்ப் பார்த்த பிறகே குறிப்பை முடிக்க வேண்டும்.