2,500 ரூபாய் போச்சு, நான் மைக்ரோவும் இல்லை!

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு முடிந்துவிட்டது என்று துள்ளினேன் அல்லவா? அதற்கு ஒரு ஏஜென்ட் சைட்டில் 2,500 ரூபாய் கட்டியிருந்தேன். அது இலவசம்! udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்தால் போதும், ஒரு பைசா கிடையாது. ஒரு மாத டீச் செலவு, போயே போச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு தொழில் மைக்ரோவா, ஸ்மாலா, மீடியமா என்று பிரிக்கும் வரம்புகள் 2025 ஏப்ரல் 1 முதல் கூடிவிட்டன. மைக்ரோவுக்கு இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள் இருக்க வேண்டும். ஸ்மால் என்றால் 25 கோடி, 100 கோடி. மீடியத்துக்கு 125 கோடி, 500 கோடி. இரண்டில் ஒன்று தாண்டினாலும் மேல் வகைக்குத் தள்ளிவிடுவார்கள். கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டுமே குறைய வேண்டும்.

திருப்பூரில் நம் தையல் யூனிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரங்கள் வாங்கியது 3 கோடிக்கு. அப்போ ஸ்மால்தானே என்று நினைத்தேன். இல்லை! பார்க்க வேண்டியது வாங்கிய விலையை அல்ல, வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பை. வருடத்துக்கு 15 சதவீதம் கழித்தால், இரண்டு வருடத்தில் சுமார் 2 கோடியே 17 லட்சம். நிலம், கட்டடம், நாற்காலி மேசை எதுவும் இதில் சேராது. நான் பெருமைப்பட்டுக் காட்டினேனே, அந்தப் புது கட்டடமும் சேராது!

விற்றுமுதல் 14 கோடி. அதில் 5 கோடி ஏற்றுமதி. ஏற்றுமதியை அப்படியே கழித்துவிடலாம், ஆக மிச்சம் 9 கோடி. மைக்ரோ! அன்றைக்கு நான் போட்ட ஆட்டம் உங்களுக்குத் தெரியும்.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன். பிரிண்டிங் யூனிட்! அதற்கு ஜிஎஸ்டி எண் தனி என்பதால் தனி நிறுவனம் என்றே நினைத்திருந்தேன். பான் ஒன்றுதான். ஒரே பானில் எத்தனை ஜிஎஸ்டி எண் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். அங்கே இயந்திரம் பழசு, 20 லட்சம்தான் தேறும், ஆக 2 கோடியே 37 லட்சம், அது வரம்புக்குள்தான். ஆனால் அங்கே உள்நாட்டு விற்பனை ஒன்றரைக் கோடி. 9-உம் ஒன்றரையும் பத்தரை. அவ்வளவுதான், அரைக் கோடியில் ஸ்மால் ஆகிவிட்டேன்.

ஆடிட்டர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஸ்மால் ஆனாலும் 45 நாள் பாதுகாப்பு உண்டு" என்றார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாங்குபவர் பணம் தர வேண்டும். மீடியம் ஆகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நமக்கு ஒருவர் 70 நாளாக இழுத்தடிக்கிறார். உத்யம் எண்ணை இப்போதே பில்லில் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். பில் புத்தகம் 400 ரூபாய். அதையாவது பேரம் பேசி 350-க்கு முடித்தேன்.