பாதிக் கண் மூடிய பூனை

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதை அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, நாற்காலியும் மின்விசிறியும் தந்து உதவிய கல்யாண மண்டபத்து ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, கூடையில் பூனையோடு வந்திருக்கும் அந்தத் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். மருத்துவர் அம்மாவை வைத்துக்கொண்டு நான் பேசுவது அவர்கள் அனுமதித்ததால்தான். நான் எங்காவது தவறினால் அவர்கள் அங்கேயே கையைத் தூக்கலாம்.

வால், காது, கண், மீசை என்று நான்கையும் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். வாலிலிருந்து தொடங்குகிறேன். பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியைக் கொக்கி மாதிரி லேசாக வளைத்து உங்களை நோக்கி வந்தால் அது வணக்கம் சொல்கிறது. குட்டி தாயிடம் ஓடும்போது இப்படித்தான் ஓடும், வளர்ந்த பூனையும் தனக்கு இணக்கமான பூனையிடம் இப்படித்தான் போகும். ஆனால் ரோமத்தைப் பார்க்க வேண்டும். வால் நிமிர்ந்திருந்தும் ரோமம் சிலிர்த்துப் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி இருந்தால் அது பயம், அப்போது கையை நீட்டாதீர்கள். அப்புறம், நாய் வாலை ஆட்டுவதை வைத்துப் பூனையைக் கணக்குப் போடக்கூடாது. மடியில் இருக்கும் பூனை வாலைப் பட்டுப்பட்டென்று அடித்தால் "போதும், விடு" என்று அர்த்தம். அதற்கு மேலும் தடவிக்கொண்டே இருப்பவர்கள்தான் "திடீரென்று கடித்துவிட்டது" என்று வந்து சொல்வார்கள். அது திடீரென்று கடிக்கவில்லை, முன்பே சொல்லிவிட்டது.

காது சுலபம். முன்பக்கம் பார்த்து நிமிர்ந்திருந்தால் நிம்மதியாகவோ ஆர்வமாகவோ இருக்கிறது. பின்பக்கமாகத் திரும்பினால் கோபம். மண்டையோடு படிந்து போனால் பயந்து, தற்காப்புக்குத் தயாராகிவிட்டது.

இனி கண்ணுக்கு வருகிறேன், இன்று நான் பேச வந்ததே அதற்காகத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று என் பாட்டி அடிக்கடி கேட்பார். பூலோகம் இருளாது, சரி. ஆனால் பூனை ஏன் கண்ணை மூடியது என்று நாம் கேட்டதில்லை.

பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி, ஒரு கணம் மூடித் திறந்தால் பூனையும் அதேபோல் பதிலுக்குச் சிமிட்டுவது கூடுகிறது என்று கண்டார்கள். முன்பின் தெரியாத ஆள் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினால்கூட, சும்மா முகத்தை வைத்துக்கொண்டு நீட்டுவதைவிட அந்தக் கையை நோக்கிப் பூனை அதிகமாக வந்தது. வீட்டில் செய்து பாருங்கள். ஒரு மீட்டர் தள்ளி, தரையில் உட்காருங்கள், முறைக்காதீர்கள், இமையைப் பாதி இறக்கி, நிறுத்தி, மூடித் திறங்கள். பதில் வர நேரமாகும். இதைப் படித்த பிறகு எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன், எல்லோரும் தங்கள் பூனைகளிடம் சிமிட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கேதான் ஒன்று நடந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கடுவன் பூனை, செம்மஞ்சள் நிறம், பெயர் செவலை. மூன்று வயது, வாசல் படியில்தான் ராஜாங்கம், பால்காரர் வண்டியின் சத்தத்தை வைத்தே அடையாளம் தெரிந்து வாலைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போகும். ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அக்கா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். செவலை நான்கு காலையும் உள்ளே மடக்கி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறது. "தம்பி, நீ சொன்னபடி சிமிட்டினேன், அதுவும் எவ்வளவு நேரமாகச் சிமிட்டுகிறது பார்" என்று குரல் பதிவும் வந்தது. நானும் அழகாக இருக்கிறது என்று பதில் போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அக்கா ஓடி வருகிறார். மதியத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை மணல் தட்டுக்குப் போய்க் குந்திக் குந்தி வருகிறதாம், மணலில் ஈரமே இல்லையாம். வீட்டில் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடியிருக்கிறார்கள். போய் வயிற்றைத் தொட்டால் உள்ளே எலுமிச்சைப் பழம் மாதிரி கெட்டியாக இருக்கிறது, தொட்டதும் உறுமியது.

அது சிறுநீர் அடைப்பு. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், நுண்ணிய கற்பொடியும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சிறுநீரகம் கெடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த ராத்திரியில் எங்கே போவது? ஊரில் இருந்த ஒரே இடம் பூட்டியிருந்தது, மறுநாள் ஞாயிறு. கார் பிடித்து, 58 கிலோமீட்டர், அக்கா வழியெல்லாம் கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார். அங்கே மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தபோது ரத்த நிறத்தில் சிறுநீர் வந்தது. மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். செவலை பிழைத்துவிட்டது.

அங்கிருந்த மருத்துவர் அந்தச் சனிக்கிழமைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, முகத்தை வைத்து வலிக்கு மதிப்பெண் போட்டார். கனடாவில் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 2019-ல் வெளியிட்ட முறை அது. காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் உயரம் என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை. பத்துக்கு நான்கு வந்துவிட்டாலே வலிக்கு மருந்து தேவை. செவலைக்குக் கண் இடுங்கியிருந்தது, இரண்டு. தலை தோளுக்குக் கீழே தொங்கியிருந்தது, இரண்டு. காது நுனிகள் சற்று விலகியிருந்தன, ஒன்று. வாய்ப் பகுதி கொஞ்சம் இறுகியிருந்தது, ஒன்று. மீசை வளைவு குறைந்து நேராகியிருந்தது, ஒன்று. மொத்தம் ஏழு! நான் அழகு என்று பதில் போட்ட படம்.

அதனால் கண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சந்தோஷமாகச் சிமிட்டும் பூனை கண்ணைத் திரும்பத் திறக்கும், தலை தோளுக்கு மேலே இருக்கும், காது முன்னே பார்க்கும். வலியில் இருக்கும் பூனையின் கண் இடுங்கியபடியே நிற்கும், தலை தாழும், கூப்பிட்டால் வாசல் வரை வராது. தூங்கும்போதும் தின்னும்போதும் உடம்பை நக்கும்போதும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், தவறாக வரும். விழித்துச் சும்மா இருக்கையில் அரை நிமிடம் பாருங்கள். குர்குர் என்பதையும் நம்பி இருந்துவிடாதீர்கள், வலியிலும் பூனை குர்குர் என்னும். வலி என்று தெரிந்தால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம், ஒரு மாத்திரையே கொல்லும். மருத்துவர் அம்மா தலையசைக்கிறார்கள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? செவலை கண்ணைப் பாதி மூடிய அன்றைக்கு எங்களுக்கு இருண்டுதான் போனது, பூட்டிய கதவின் முன்னால் நின்றபோது. வார்டு உறுப்பினர் அவர்களே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன். ஆடு மாடுகளுக்காக நம் ஊரில் இருக்கும் மருந்தகத்தில் இரவிலும் ஞாயிறிலும் அழைக்க ஒரு போன் எண்ணும், பூனைக்கு விடும் அளவிலான மெல்லிய குழாய் நான்கைந்தும் இருந்தால், அந்த 58 கிலோமீட்டர் வேண்டாம். அன்றைக்கு வண்டி கிடைக்காமல் போயிருந்தால் செவலை இல்லை. கார் வாடகை தர முடியாத வீட்டுப் பூனைக்கு வண்டியே கிடையாது.

மீசையைத் தனியாகப் பேச நேரம் தீர்ந்துவிட்டது, தலைவர் மணி பார்க்கிறார். வாசல் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பக்கத்திலேயே நிற்கிறார், அந்தப் படத்தை அச்சிட்டுக் கொண்டு வந்திருக்கிறார். கையெழுத்துப் போடும்போது ஒரு தடவை உற்றுப் பாருங்கள், தலை எங்கே இருக்கிறது என்று. வணக்கம்.