வரி பாக்கிக்குக் கட்டிய வட்டி செலவாகுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் செய்கிறவர்களின் கணக்குப் புத்தகத்தில் 'வட்டி மற்றும் அபராதம்' என்று ஒரு தலைப்பு அனேகமாக இருக்கும். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாமல் விட்டதற்கு வந்த வட்டி, டி.டி.எஸ். தாமதத்துக்கான வட்டி, ஜி.எஸ்.டி. தாமதத்துக்கான வட்டி, அதிகாரி போட்ட அபராதம் என எல்லாம் அந்த ஒரே தலைப்பில் போய் விழும். வருட முடிவில் மொத்தத் தொகையையும் லாபத்திலிருந்து கழித்துவிடுவார்கள். இன்று அந்த ஒரு தலைப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதில் கிடக்கும் நாலு தொகைகளையும் வருமான வரிச் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

அடிப்படையான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடை வாடகை, சம்பளம், மின் கட்டணம் எல்லாம் லாபம் சம்பாதிப்பதற்காகச் செய்யும் செலவு. வருமான வரி அப்படி இல்லை. லாபம் வந்த பிறகு, அந்த லாபத்திலிருந்து அரசுக்குப் போகும் பங்கு அது. அதனால் வருமான வரியைச் செலவாகக் கழிக்க முடியாது என்று சட்டமே நேரடியாகச் சொல்கிறது. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அந்த வரியைத் தாமதமாகக் கட்டியதற்கு வட்டி போட்டால், அந்த வட்டி என்ன? குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'வங்கிக்குக் கட்டும் வட்டி செலவுதானே, இதுவும் வட்டிதானே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாரத் காமர்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 1998இல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: வருமான வரியே செலவு இல்லை என்றால், அதைத் தாமதித்ததற்கான வட்டியும் செலவு இல்லை. வட்டி எந்த வரியை ஒட்டி வருகிறதோ, அந்த வரியின் குணம்தான் அதற்கும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அச்சகம் நடத்தும் ஒருவர் என்னிடம் வந்தார். நல்ல கணக்கு அறிவு உள்ளவர். 'சார், இனிமேல் தாமத வட்டியே வராது. வங்கியில் ஓ.டி. எடுத்து அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிவிட்டேன். ஓ.டி. வட்டி தொழில் செலவு, அதைக் கழித்துக்கொள்ளலாம்' என்றார். வட்டி கட்டும் இடத்தை மாற்றிவிட்டால் வட்டியின் குணமும் மாறிவிடும் என்று நம்பினார். இப்படி நம்புகிறவர்கள் நிறையப் பேர். நல்ல விவரமானவர்களே இதில் சிக்குகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஈஸ்ட் இந்தியா ஃபார்மசூட்டிகல் ஒர்க்ஸ் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொல்லிவிட்டது. வருமான வரி கட்டுவதற்காக வாங்கிய கடனுக்கான வட்டி, தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகாது. பணம் வங்கியிலிருந்து வந்ததா என்பது முக்கியம் இல்லை. எதற்குப் போனது என்பதுதான் முக்கியம்.

அச்சகக்காரர் விடவில்லை. 'ஓ.டி. கணக்கில் விற்பனைப் பணமும் வருகிறது, காகிதம் வாங்கவும் பணம் போகிறது. வரிக்குப் போனது எந்தப் பணம் என்று யார் சொல்ல முடியும்?' என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தோம். மார்ச் 15ஆம் தேதிக்கு முந்தைய நாள் வரை ஓ.டி. பயன்படுத்தப்படவே இல்லை. 15ஆம் தேதி வரிக்கான தொகை வெளியே போகிறது, இருப்பு கடனாக மாறுகிறது, அடுத்த மாதம் வங்கி வட்டி பிடிக்கிறது. பாஸ் புத்தகத்தின் மூன்று வரிகளே சொல்லிவிட்டன. விற்பனைப் பணத்திலேயே வரி கட்டும் அளவுக்குக் கையிருப்பு இருந்திருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். அவருக்கு அது இல்லை. அந்த வட்டியை நாங்கள் கழிக்கவில்லை.

சரி, இப்போது தலைப்பைப் பிரிப்போம். ஒரு தனி உரிமையாளரின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வருட வரி 4 லட்சம் ரூபாய். அட்வான்ஸ் டாக்ஸ் ஒன்றுமே கட்டவில்லை. ஜூலை கடைசியில் மொத்தமாகக் கட்டுகிறார். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்று கட்டியிருக்க வேண்டும். முதல் மூன்று தவணைத் தவறுக்கும் மாதம் ஒரு சதவீதம் வீதம் மூன்று மூன்று மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டி. எல்லாம் சேர்ந்து 20,200 ரூபாய். அதற்கு மேல், கட்டாத முழு வரிக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம், அது 16,000. ஆக 36,200 ரூபாய். இது முழுக்க வருமான வரியின் வட்டி. ஒரு ரூபாய்கூடக் கழியாது. சொல்லப்போனால் தனி உரிமையாளருக்கு இது தொழில் கணக்கிலேயே வரக்கூடாது. சொந்தச் செலவுக்கு எடுத்த பணம் என்று மூலதனக் கணக்கில் எழுத வேண்டும்.

அடுத்தது டி.டி.எஸ். ஜூன் 25ஆம் தேதி ஒருவருக்குப் பணம் கொடுக்கும்போது 40,000 ரூபாய் பிடித்தார். ஜூலை 7க்குள் கட்டியிருக்க வேண்டும். 8ஆம் தேதி கட்டினார். ஒரே ஒரு நாள் தாமதம். வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், அது பிடித்த தேதியிலிருந்து ஓடும், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று. ஒரு நாள் தாமதத்துக்கு இரண்டு மாத வட்டி, 1,200 ரூபாய். இந்த வட்டி கழியுமா? 'அடுத்தவருடைய வரிதானே, என் லாபத்தின் மீதான வரி இல்லையே' என்று ஒரு வாதம் உண்டு. சில தீர்ப்பாயங்கள் அதை ஏற்றும் இருக்கின்றன. ஆனால் சென்னைப் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. யாருடைய வரியாக இருந்தாலும் அது வருமான வரிதான், அதன் வட்டியும் அதே குணம்தான் என்றது. தமிழ்நாட்டில் கணக்கு எழுதுகிறவர் இதைக் கழிக்காமல் விடுவதே பத்திரம் என்பது என் கருத்து.

மூன்றாவது ஜி.எஸ்.டி. 3 லட்சம் ரூபாய் வரியை 73 நாள் தாமதமாகக் கட்டினார். வருடத்துக்கு 18 சதவீதம். 73 நாள் என்பது வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வட்டி 10,800 ரூபாய். இதைக் கழிக்கலாம். ஏன்? ஜி.எஸ்.டி. லாபத்தின் மீதான வரி இல்லை, தொழில் நடத்துவதோடு வருவது. மகாலட்சுமி சுகர் மில்ஸ் வழக்கில் 1980இல் கரும்பு செஸ் பாக்கியின் வட்டியைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது, பிறகு விற்பனை வரி பாக்கிக்கும் சொன்னது: அந்த வட்டி தண்டனை இல்லை, அரசுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பிடித்து வைத்திருந்ததற்கான ஈடு. ஜி.எஸ்.டி. வட்டியும் அந்த வழியில்தான் பார்க்கப்படுகிறது. கட்டிய வருடத்தில் கழித்துக்கொள்ளலாம்.

நாலாவது, ஜி.எஸ்.டி. ஆணை ஒன்றின்படி கட்டிய அபராதம் 20,000 ரூபாய். அதே ஜி.எஸ்.டி.தான், ஆனால் இது கழியாது. சட்டத்தை மீறியதற்கான தண்டனை தொழில் செலவு ஆகாது என்று 1961ஆம் ஆண்டிலேயே ஹாஜி அஜீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மொத்தம் 68,200. கழிவது 10,800 மட்டும். மீதி 57,400 ரூபாயை வருமானத்தைக் கணக்கிடும்போது லாபத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். 30 சதவீத அடுக்கில் இருக்கும் ஒருவருக்கு, செஸ்ஸோடு சேர்த்து இதன் வரி சுமார் 17,909 ரூபாய். சேர்க்காமல் விட்டுப் பிறகு பிடிபட்டால் இந்த வரி, அதன் மேல் வட்டி, வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால் வரியில் பாதி அபராதம். அந்த வட்டியும் அபராதமும்கூடச் செலவு இல்லை! எதிர்த் தவறும் நடக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறவர் ஜி.எஸ்.டி. வட்டிக்கு வீணாக 3,370 ரூபாய் வரி கட்டுகிறார்.

அப்புறம், எப்படிப் பிரிப்பது? வங்கிப் பட்டியலைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அதில் வரி, வட்டி எல்லாம் ஒரே தொகையாகத்தான் தெரியும். சலானைப் பாருங்கள். டி.டி.எஸ். சலானில் வரிக்கு ஒரு கட்டம், வட்டிக்கு ஒரு கட்டம், கட்டணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். ஜி.எஸ்.டி. சலானிலும் வரி, வட்டி, அபராதம், கட்டணம் தனித்தனியாக இருக்கும். பணம் கட்டிய அன்றே சலானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு தனித் தலைப்புகளில் எழுதச் சொல்லுங்கள். வருட முடிவில் எழுதினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. இரண்டு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தணிக்கை அறிக்கையில் ஒரு செலவு கழியாது என்று ஆடிட்டர் குறித்திருந்து, ரிட்டர்னில் நீங்கள் அதைக் கழித்திருந்தால், ரிட்டர்னைப் பரிசீலிக்கும்போதே அதைச் சேர்ப்பதற்கான அறிவிப்பு வரும். பதில் சொல்ல 30 நாள் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். இன்னொன்று, உங்களுக்கு ரீஃபண்டோடு வருமான வரித் துறை தரும் வட்டி வரிக்கு உட்பட்ட வருமானம், அதை ரிட்டர்னில் காட்ட வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால்தான் எண்களைச் சொல்லாமல் வழக்குகளைச் சொன்னேன். நன்றி, வணக்கம்.