குண்டின் வேகம் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது? கிரோனோகிராஃப் சொல்வதும் சொல்லாததும்

[திரையில்: துப்பாக்கி சுடும் தளம். மேசையில் ஒரு ரைஃபிள், அதற்கு முன்னால் முக்காலி ஸ்டாண்டில் ஒரு சின்னப் பெட்டி.]

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பத்து தோட்டாக்கள். ஒரே ரைஃபிள், சுடுகிறவரும் ஒருவரே. ஆனால் ரைஃபிளுக்கு முன்னால் இருக்கும் கிரோனோகிராஃப், அதாவது குண்டின் வேகத்தை அளக்கும் கருவி, அதன் திரையில் வரும் எண்களைப் பாருங்கள்.

[திரையில் ஒவ்வொன்றாக: 327, 324, 330, 326, 329, 325, 328, 331, 326, 324]

எல்லாம் நொடிக்கு மீட்டர் கணக்கு. விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் நல்ல போட்டித் தோட்டாக்களில் இந்த மாதிரிதான் வரும். ரைஃபிள், 50 மீட்டர் போட்டிக்கான .22, அதாவது குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘பாயின்ட் டூ டூ’ என்றால் சட்டென்று புரியும்.

இந்த ஏற்ற இறக்கம் குண்டுடையதா, அளக்கும் கருவியுடையதா? அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: பெட்டியின் நெருக்கக் காட்சி. இரண்டு சென்சார்கள், மேலே வெள்ளைத் தகடுகள்.]

முதலில் கருவி. கிரோனோகிராஃப் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. முன்னால் ஒரு ஒளி சென்சார், பின்னால் ஒன்று, நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குண்டு மேலே கடக்கும்போது அதன் நிழல் சென்சாரில் விழுகிறது. முதல் நிழலில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, இரண்டாவதில் நிற்கிறது. அப்புறம் தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

327 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு இந்த 60 சென்டிமீட்டரைக் கடக்க 1,835 மைக்ரோ நொடி ஆகும். 330 மீட்டர் வேகம் என்றால் 1,818. வித்தியாசம் வெறும் 17 மைக்ரோ நொடி. மைக்ரோ நொடிகளை எண்ணுவது இன்றைய மின்னணுக் கடிகாரத்துக்குப் பெரிய வேலை இல்லை. சிக்கல் கடிகாரத்தில் இல்லை, நிழலில் இருக்கிறது.

[திரையில்: குண்டு சென்சாரைக் கடக்கும் அனிமேஷன். நிழல் ஒரு முறை சீக்கிரமாகவும், மறுமுறை கொஞ்சம் தாமதமாகவும் பதிவாகிறது.]

குண்டின் மூக்கு தெரிந்த உடனே ஒரு சென்சார் விழித்துக்கொண்டு, மற்றது ஒரு மில்லிமீட்டர் கழித்து விழித்தால்? அந்த ஒரு மில்லிமீட்டர் 3 மைக்ரோ நொடிக்குச் சமம். வேகத்தில் அது அரை மீட்டர் பிழை. சென்சார்களுக்கு நடுவே 30 சென்டிமீட்டர்தான் என்றால் பிழை இரண்டு மடங்காகும். சின்னக் கருவி தூக்கிப் போக வசதி, ஆனால் அதற்கு இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வெளிச்சமும் தொந்தரவு செய்யும். மாலை வெயில் பக்கவாட்டில் குண்டின் மேல் பட்டால் நிழல் சரியாக விழாது. மேலே வெள்ளைத் தகடு வைப்பது வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கத்தான். கூரைக்குள் பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்தால் இன்னும் மோசம். அது நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும்.

கருவியைக் குழல் வாயை ஒட்டி வைப்பதும் தப்பு. வெடிப்பின் காற்றதிர்ச்சியையே குண்டு என்று சென்சார் நினைத்துவிடும். அதனால் சுமார் 3 மீட்டர் தள்ளி வைப்பார்கள். அதற்குள் .22 குண்டு ஒரு மீட்டர் அளவுக்கு வேகம் இழந்திருக்கும். ஆனால் எல்லாக் குண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழப்பதால், அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் இதனால் பெரிதாக மாறாது.

சரி, நடுவில் திடீரென்று 412 என்று ஒரு எண் வந்தால் நம்பலாமா? காதும் இலக்குத்தாளும் சாட்சி சொல்லும். 412 என்பது ஒலியைவிட வேகம். அப்படிப் போயிருந்தால் சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம் தனியாகக் கேட்டிருக்கும். தாளில் ஓட்டை மற்றவற்றைவிட சுமார் நாலு சென்டிமீட்டர் மேலே விழுந்திருக்கும். சத்தமும் இல்லை, ஓட்டையும் கூட்டத்தோடு இருக்கிறது என்றால், பொய் சொன்னது கருவி.

சின்னப் பிழைகளை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்கு ஒரு பழைய, நேர்த்தியான வழி உண்டு. மூன்றாவதாக ஒரு சென்சார் வைத்து, ஒரே குண்டுக்கு இரண்டு அளவு எடுப்பது. ஓலர் 35பி என்ற கருவி இப்படித்தான் வேலை செய்யும். இரண்டு அளவும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் குண்டுதான் மாறியிருக்கிறது. ஒன்று ஏறி மற்றது அப்படியே நின்றால் கோளாறு கருவியில். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த ஒரு கருவியை விட இரண்டு சாதாரணக் கருவிகளை வரிசையாக வைப்பதே மேல். இப்போது ரேடார் கருவிகளும் வந்துவிட்டன. வெளிச்சம், நிழல் தொல்லை அவற்றுக்கு இல்லை.

[திரையில்: குறுக்கே வெட்டிக் காட்டிய .22 தோட்டாவின் படம்.]

கருவி சரி என்று வைத்துக்கொள்வோம். குண்டு ஏன் மாறுகிறது? இந்தத் தோட்டாவில் முதலில் தீப்பிடிக்கும் ரசாயனம் அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. தயாரிக்கும்போது ஈரக் கலவையாகப் போட்டு, சுழற்றி, விளிம்புக்குள் பரவச் செய்கிறார்கள். ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் படிந்தால், துப்பாக்கியின் ஊசி எங்கே அடிக்கிறது என்பதைப் பொறுத்துத் தீயின் வலு மாறும்.

உள்ளே இருக்கும் வெடிமருந்தோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அவ்வளவு கொஞ்சத்தில் சில துகள்கள் கூடினாலும் குறைந்தாலும் வேகத்தில் தெரியும். குண்டை உறை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதும் அழுத்தத்தை மாற்றும்.

சுடுகிறவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. குழலைத் துடைத்த உடனே சுடும் முதல் சில குண்டுகள் தனி வழியில் போகும். குண்டின் மேல் பூசிய மெழுகு குழலுக்குள் மறுபடி படியும்வரை அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சுட்டுச் சூடான குழலுக்குள் தோட்டாவை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் யோசித்துக்கொண்டிருந்தால், மருந்தும் சூடாகும், வேகமும் கூடலாம்.

[திரையில்: பத்து எண்களும் மறுபடி.]

இனி கணக்கு. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். சராசரி 327. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு 7. திட்ட விலக்கம் ஏறக்குறைய 2.4. சுடுகிறவர்கள் வீச்சைத்தான் அதிகம் பேசுவார்கள். ஆனால் வீச்சு, சுடச் சுட வளரும். ஐந்து தோட்டா சுட்டவரின் வீச்சையும் இருபது சுட்டவரின் வீச்சையும் ஒப்பிடவே கூடாது.

திட்ட விலக்கமும் ஐந்து தோட்டாவில் நம்பத்தக்கதல்ல. ஐந்து சுட்டு 2.4 வந்தால், உண்மை மதிப்பு ஒன்றரையிலிருந்து ஏழு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இருபது சுட்டால் அந்த இடைவெளி சுமார் 1.8 முதல் 3.5 வரை சுருங்கும்.

[திரையில்: 50 மீட்டர் இலக்குத்தாள், பத்துப் புள்ளி வளையம் பெரிதாக்கப்பட்டு.]

இந்த 7 மீட்டர் வீச்சு தாளில் எவ்வளவு? 50 மீட்டர் போக குண்டுக்கு சுமார் 0.157 நொடி. அதற்குள் 12 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. வேகம் இந்த 7 மீட்டர், அதாவது சுமார் 2 சதவீதம் குறைந்தால் விழும் அளவு 4 சதவீதம் கூடும், அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். கைநடுக்கம் தொடங்கும் முன்பே பாதி வளையம் போய்விட்டது.

ஆனால் இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. சுடும்போது குழல் அதிர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும் நேரத்தில் குழல் வாய் மேலே ஏறிக்கொண்டிருந்தால், விழும் அளவில் ஒரு பகுதி ஈடுசெய்யப்பட்டுவிடும். அதனால் சில ரைஃபிள்களில் வேக ஏற்ற இறக்கம் அதிகமுள்ள தோட்டா கூட நெருக்கமான கூட்டத்தைத் தரும். தோட்டா தயாரிக்கும் ஈலி நிறுவனம், பெட்டியிலேயே அந்தத் தோட்டாக்கள் ஒன்றாகத் தயாரான தொகுதியின் வேகத்தை நொடிக்கு அடிக் கணக்கில் அச்சிடுகிறது. 1073 என்றால் நம் 327 மீட்டர். இருந்தும் போட்டியாளர்கள் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதில்லை. தங்கள் ரைஃபிளையே கொண்டுபோய், பல தொகுதிகளைத் தாளில் சுட்டுப் பார்த்து, கூட்டம் நெருக்கமாக வந்த தொகுதியைத்தான் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள்.