மூன்று நொடிக்கு எத்தனை எழுத்து?

(கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மொழி நன்றாக வரும், வீட்டிலிருந்தபடியே என்ன வேலை செய்யலாம் என்று உங்கள் பேராசிரியர் என்னைப் பேசச் சொன்னார். மூன்று வேலைகளைச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டை விரைவாக முடித்துவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்துகொள்கிறேன். ஏனென்றால் பதினோரு ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

இணையவழியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது முதல் வேலை. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு நிச்சயம் தேவை இருக்கிறது. ஆனால் பிள்ளை ஓய்வாக இருக்கும் நேரம் உங்களுக்கு நடுராத்திரியாகவோ விடியற்காலையாகவோ இருக்கும். அதற்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும், என் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது இரண்டாவது. தெளிவான ஒரு மணி நேரப் பதிவுக்கே நான்கு மணி நேர உழைப்பு வேண்டும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் பதிவென்றால் கணக்கே கிடையாது. ஆகவே விலை பேசுவதற்கு முன் பதிவின் நடுவிலிருந்து ஐந்து நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். தொடக்கத்தில் எல்லோரும் மரியாதையாக ஒருவர் பின் ஒருவராகத்தான் பேசுவார்கள்.

மூன்றாவது, சப்டைட்டில். ஆங்கிலப் படத்துக்குத் தமிழில் வரி போடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இதை மொழிபெயர்ப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். சேர்ப்பதை விட விடுவதுதான் இங்கே வேலை என்பது புரிய எனக்கு ஓர் ஆண்டு ஆனது. திரையில் வரி நிற்கும் நேரம் பேசுபவரின் வாய் தீர்மானிப்பது. அந்த நேரத்துக்குள் பார்ப்பவர் வரியைப் படித்து, படத்தையும் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் நொடிக்கு இத்தனை எழுத்து என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். இன்றைய பேச்சுக்கு 17 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வைப்பதில்லை. ஒரு வரி ஒரு நொடியாவது நிற்க வேண்டும். ஏழு நொடிக்கு மேல் நின்றால் பார்ப்பவர் திரும்பவும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய ஆங்கில விளக்கப்படம். வேளாண் அலுவலர் ஒருவர் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நொடியில் விறுவிறுவென்று சொல்லிவிடுகிறார். புதிதாகப் பழகிய ஒருவர் எனக்கு அனுப்பிய வரி இது: “நீங்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் என்னவென்றால், வடிகட்டியைக் கழற்றி, சுத்தமான தண்ணீரில் அதை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.”

பிழையே இல்லை, தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் மூன்று நொடிக்கு நமக்கு உள்ள இடம் 51 எழுத்து. இந்த வரி நம் கணக்கில், இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து, 79 எழுத்து. கணினியின் கணக்கில் 123!

இந்த இரண்டு கணக்கையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் கணினி தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. சில மென்பொருள்கள் நம்மைப்போல் எண்ணும், சில குறிகளையும் சேர்த்து எண்ணும். ஆங்கிலத்துக்காக வகுத்த வரம்பை அப்படியே தமிழுக்குப் போட்டுவிட்டு, உங்கள் கோப்பு முழுவதையும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்களும் உண்டு. எனவே வேலையை ஏற்கும்போதே கேட்டுவிடுங்கள்: வரம்பு எத்தனை, எழுத்தை எந்த முறையில் எண்ணுகிறீர்கள்? இதைக் கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது வரிக்கு வருவோம். ‘நீங்கள்’ வேண்டாம், ‘கழுவுங்கள்’ என்ற வினையிலேயே நீங்கள் இருக்கிறது. ‘செய்ய வேண்டிய காரியம் என்னவென்றால்’ என்பது பேசுபவர் மூச்சு வாங்கும் இடம், அதற்கு எழுத்து தர வேண்டியதில்லை. ‘அதை’ எதைக் குறிக்கிறது என்பது அவர் கையிலேயே இருக்கிறது. ‘சுத்தமான தண்ணீரில்’ என்பதில்தான் நான் தயங்கினேன். படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் குழாயைத் திறந்து தெளிந்த தண்ணீரைப் பிடித்துக் காட்டுகிறார். கண் பார்ப்பதை வரி சொல்ல வேண்டாம் என்று அதையும் எடுத்தேன். படத்தில் குழாய் இல்லாமல், பேச்சில் மட்டும் இருந்திருந்தால் ‘நன்றாக’வை விட்டுவிட்டு ‘தண்ணீரை’ வைத்திருப்பேன். கடைசியில் கோப்பில் போனது இது:

```
12
00:01:12,400 --> 00:01:15,400
முதலில் வடிகட்டியைக் கழற்றி
நன்றாகக் கழுவுங்கள்.
```

கணினியின் கறாரான கணக்கிலேயே இது 47. வரியை எங்கே ஒடித்திருக்கிறேன் என்பதையும் பாருங்கள். ‘கழற்றி’ என்ற வினையெச்சத்தோடு ஒரு செயல் முடிகிறது, கண் அங்கே இயல்பாக இறங்கும். ‘முதலில் வடிகட்டியைக்’ என்று ஒடித்தால் ஒற்று மட்டும் அந்தரத்தில் தொங்கும். பெயரடையையும் பெயரையும் பிரிக்காதீர்கள், பெயரெச்சத்தை வரி முனையில் விடாதீர்கள். இலக்கண வகுப்பில் படித்ததெல்லாம் காசாகும் இடம் உண்டென்றால் அது இந்த வரி முறிவுதான்.

மேலே உள்ள நேரக் குறிப்பில் நொடிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் இடையே இருப்பது காற்புள்ளி. இந்தக் கோப்பு வகையின் பெயர் எஸ்ஆர்டி. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் படத்தை ஓட்டும் சில மென்பொருள்கள் கோப்பையே ஏற்காது. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் தயவுசெய்து ஒருங்குறிக்கு மாறிவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளே போதும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் முடிச்சைக் கடைசியில் அவிழ்க்கலாம். நமக்கோ பயனிலைதான் கடைசியில் வரும். அதே படத்தில் அலுவலர் சொல்கிறார்: அழுத்தம் குறைவது மோட்டாரால் அல்ல, காரணம்... என்று நிறுத்தி, குழாயைத் தட்டுகிறார், மணல் கொட்டுகிறது, பிறகுதான் ‘மணல்’ என்கிறார். நம் பழக்கத்தில் எழுதினால் “உள்ளே மணல் தங்கியதால்தான் அழுத்தம் குறைகிறது” என்று வரும். குழாயைத் தட்டுவதற்கு முன்பே திரையில் மணல் வந்துவிடும், படம் எடுத்தவரின் உழைப்பு வீண். ஒரு வாக்கியத்தை இரண்டாக்கினேன். முதலில், “அழுத்தம் குறைய மோட்டார் காரணமல்ல.” மணல் கொட்டிய பிறகு, “உள்ளே தங்கிய மணல்தான்.” ஒவ்வொரு வரியும் தன் காலில் நிற்கிறது, இரகசியமும் காப்பாற்றப்பட்டது.

இனி நான் பட்ட அடி ஒன்று. ஐம்பது நிமிட ஆவணப்படம். நேரம் பிசகாமல் முடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, சப்டைட்டில் எதுவும் பொருந்தவில்லை, பணம் தர முடியாது என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் அவர்கள் வெளியிடப்போகும் பிரதியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். முதல் வரி சரியாக இருந்தது. பத்தாவது நிமிடத்தில் வரிகள் 25 நொடி பிந்தி வந்தன. முடிவில் இரண்டு நிமிடத்துக்கும் மேல் பிந்தின. இந்தத் தாமதம் வளர்ந்துகொண்டே போனதுதான் எனக்குத் துப்புக் கொடுத்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாகப் பிந்தினால் படத்தின் முன்னால் ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எல்லா வரிகளையும் அந்த அளவு முன்னதாக வரும்படி நகர்த்திவிட்டால் முடிந்தது. போகப்போகக் கூடினால் படம் ஓடும் வேகமே மாறியிருக்கிறது. எனக்குத் தந்த பிரதியில் நொடிக்கு 23.976 சட்டகம், அதாவது ஃப்ரேம்; அவர்கள் கையில் இருந்ததில் 25. படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடியது, என் வரிகள் பழைய நடையிலேயே வந்தன. மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் வசதி உண்டு. சரிசெய்ய ஒரு நிமிடம் பிடித்தது. பணமும் வந்தது, இரண்டு மாதம் கழித்து. அன்றிலிருந்து வேலை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் பிரதியின் நீளத்தையும் சட்டக வேகத்தையும் எழுதிவிடுகிறேன். வெளியீட்டுப் பிரதி அதிலிருந்து மாறினால் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம்.

கட்டணம் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. இந்தத் தொழிலில் விலை படத்தின் நிமிடக் கணக்கில் பேசுவது. உங்கள் உழைப்பின் நிமிடத்தில் அல்ல. புதியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பத்து நிமிடப் படம், நிமிடத்துக்கு 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 1,000. இன்று எனக்கு அதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும், மணிக்கு 400 ரூபாய். தொடங்கிய காலத்தில் ஆறு மணி நேரம் எடுத்தேன். மணிக்கு 167 ரூபாய்கூடத் தேறவில்லை. வேலை அதே, விலையும் அதே. எனவே முதல் ஐந்தாறு வேலைகளுக்குக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆங்கில வசனத்தை எழுத்தில் தருகிறார்களா, நேரக் குறிப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நேரம் போட்ட கோப்பு கையில் கிடைத்தால் என் உழைப்பில் ஏறத்தாழ பாதி குறைந்துவிடும்; அதற்கு விலையைக் குறைப்பதில் தவறில்லை. மாதிரிக்காக மூன்று நிமிடம் இலவசமாகக் கேட்டால் செய்து கொடுங்கள். இருபது நிமிடம் கேட்பவருக்குத் தேவைப்படுவது மாதிரி அல்ல, இலவச வேலை.

பின்வரிசையில் ஒரு தங்கை கை தூக்குகிறார். கையில் வேலையே இல்லாதபோது மாதிரி என்று எதைக் காட்டுவது? நல்ல கேள்வி அம்மா. வாடிக்கையாளர் தந்த படத்தை யாரிடமும் காட்டக்கூடாது, வெளியாகாத படமென்றால் அது ஒப்பந்த மீறல். ஆகவே பல ஆண்டு வேலை செய்தவருக்கும் இதே சிக்கல்தான். மறுபயன்பாட்டுக்கு அனுமதி தந்து வெளியிட்ட படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் வேகமாகப் பேசும் மூன்று நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். மெதுவாகப் பேசும் படத்தில் உங்கள் திறமை தெரியாது. வரிகளைப் போட்டு முடித்து ஒரு நாள் ஆறப்போடுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, ஆங்கிலம் தெரியாத உங்கள் அத்தையையோ பாட்டியையோ உட்கார வைத்து ஓட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் கண்ணைப் பாருங்கள். எந்த வரியில் கண் கீழேயே நின்றுவிடுகிறதோ, அந்த வரி எண்ணைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள். அந்த மூன்று நிமிடத்தைத்தான் அனுப்ப வேண்டும்.